‘ஏதாவது போட்டு விடுங்க’ என்று கேட்பதை நிறுத்தினோம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் சின்ன யூனிட் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். பேப்பர் ரோலுக்கு மில்லில் கடன் கிடையாது, பணம் ஏறினால்தான் லோடு ஏறும். பெட்டி வாங்கும் கம்பெனிகள் முப்பது நாள் என்று பேசி வாங்குவார்கள், எழுபது நாள் ஆனாலும் அசைய மாட்டார்கள். வராத பணத்துக்கும் அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் நாங்கள் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். ஆக, பாக்கி வசூல் எங்களுக்கு ஒரு ஓர வேலை இல்லை. அது நின்றால் மெஷின் நிற்கும்.

தினமும் பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரை எங்கள் ஆபீஸ் தங்கச்சி ஒருத்தி டேலியில் எடுத்த பாக்கிப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பார்ட்டியாகக் கூப்பிடுவாள். நான் பக்கத்து மேசைதான். ஆனாலும் அவள் என்ன பேசுகிறாள் என்று வருஷக்கணக்கில் காது கொடுத்துக் கேட்டதில்லை. ஒருநாள் மில்லுக்குப் பணம் கட்ட முடியாமல் ரோல் வராமல் போனது. முதலாளி கத்தினார். அன்றைக்குத்தான் பேனாவும் பேப்பருமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பதினான்கு போன்களிலும் அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். எல்லாப் போனும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது:

“வணக்கங்ணா, பாக்ஸ் கம்பெனில இருந்து பேசறனுங்க. நல்லா இருக்கீங்ளாங்ணா? தொந்தரவு பண்றதுக்கு ஸாரிங்ணா. நம்ம பேமெண்ட் கொஞ்சம் பெண்டிங் இருக்குங்க. முடிஞ்சா இந்த வாரம் ஏதாவது போட்டு விட்டீங்கன்னா நல்லா இருக்கும்ங்ணா.”

“பாக்கறேம்மா.”

“சரிங்ணா, தேங்ஸ்ங்ணா.”

போனை வைத்ததும் நோட்டில் எழுதுவாள்: ‘பேசியாச்சு. பார்க்கிறேன் என்றார்.’ நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஒரே பார்ட்டிக்கு ஆறு வாரமாக அதே வரி இருந்தது.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வசனத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

தாளில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட ஆரம்பித்தேன். ‘கொஞ்சம்’, ‘முடிஞ்சா’, ‘ஏதாவது’. இந்த மூன்று சொல்தான் எங்கள் பணத்தைத் தின்றுகொண்டிருந்தது. ‘கொஞ்சம் பெண்டிங்’ என்றால் எவ்வளவு என்று நமக்கே அக்கறை இல்லை என்று கேட்கிறவர் எடுத்துக்கொள்வார். ‘முடிஞ்சா’ என்றால் முடியாமலும் போகலாம் என்று நாமே அனுமதி கொடுத்த மாதிரி. ‘ஏதாவது’தான் இருப்பதிலேயே மோசம். ஒன்றே முக்கால் லட்சம் பாக்கி வைத்திருந்த ஒருவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மாதாமாதம் பத்தாயிரம் போட்டு வந்தார். ஏதாவது போடச் சொன்னோம், போட்டார். கோபப்பட நமக்கு என்ன பாத்தியதை?

‘தொந்தரவுக்கு ஸாரி’யையும் அடித்தேன். பெட்டி கொடுத்தது நாம், நாள் கடந்தது அவர்கள் பக்கம். இதில் யார் யாருக்குத் தொந்தரவு? மரியாதை என்பது ‘ங்க’வும் ‘ங்ணா’வும், நேரம் பார்த்துக் கூப்பிடுவதும். குரலைச் சுருக்கிக்கொள்வது மரியாதை ஆகாது.

முதல் முறை நான் எழுதிக் கொடுத்த புது வசனம் படு தோல்வி. ‘தங்கள் நிறுவனத்தின் நிலுவைத் தொகை குறித்து நினைவூட்ட அழைக்கிறோம்’ என்று ரயில்வே அறிவிப்பு மாதிரி எழுதியிருந்தேன். அவள் பாதி படிப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு வயதான கணக்குப்பிள்ளை சிரித்துவிட்டார். “ஏம்மணி, பேங்க்ல லோன் வசூலுக்குப் போயிட்டியா?” என்றார். அன்று மாலை அந்தத் தாளைக் கிழித்துப் போட்டோம். அடுத்ததை அவளே வாயால் சொல்லச் சொல்லி நான் எழுதினேன். அது அவள் பேச்சிலேயே இருந்ததால்தான் நின்றது.

வசனத்துக்கு முன்னால் இரண்டு வேலை சேர்த்தோம். ஒன்று, கூப்பிடுவதற்கு முந்தின நாள் அந்தப் பார்ட்டியின் ஸ்டேட்மெண்டை வாட்ஸப்பில் அனுப்புவது. பில் நம்பர், தேதி, தொகை, எத்தனை நாள் ஆச்சு என்பதோடு. இதனால் ‘எந்த பில்லுங்க, எனக்குத் தெரியலையே’ என்ற பதிலுக்கு இடமில்லாமல் போயிற்று. இன்னொன்று, போனை எடுக்கும் முன் பேங்க் கணக்கைப் பார்ப்பது. ஒருமுறை முந்தின நாள் சாயங்காலமே பணம் போட்டுவிட்ட பார்ட்டியை நாங்கள் மறுநாள் கூப்பிட்டு பாக்கி கேட்டுவிட்டோம். வந்த பணத்தை யாருடையது என்று தெரியாமல் டேலியில் சஸ்பென்ஸில் போட்டு வைத்திருந்தேன், தப்பு என்னுடையது. அந்தப் பார்ட்டி அதற்கப்புறம் ஆறு மாதம், நாங்கள் எப்போது கேட்டாலும், “முதல்ல உங்க கணக்கப் பாருங்க” என்று சொல்லியே தள்ளினார்.

நாள் பார்ப்பதும் முக்கியம். திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். வியாழன் மதியத்திலிருந்தே எந்தக் கம்பெனியிலும் கணக்கு அறை அந்தப் பணத்தைத் திரட்டுவதில்தான் இருக்கும். அப்போது பெட்டிக்காரன் குரல் காதில் ஏறாது. வெள்ளிக்கிழமை கேட்டால் சில வீட்டு முதலாளிகள் முகம் சுளிப்பார்கள், மகாலட்சுமியை வெள்ளியன்று வெளியே அனுப்ப மாட்டார்கள். விளக்கு வைத்த பிறகு பணம் கேட்பதும் அப்படித்தான். நம்பிக்கை சரியோ தப்போ, கேட்கிறவன் நாம், நாளை நாம்தான் பார்க்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் செவ்வாயும் புதனும் காலை பதினொன்றரைக்கு மேல்தான் நல்ல நேரம். ஒவ்வொரு கம்பெனியிலும் பேமெண்ட் லிஸ்ட் போட ஒரு நாள் உண்டு. கணக்குப்பிள்ளையிடம், “லிஸ்ட் எந்தக் கிழமைங்ணா போடுவீங்க?” என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். அந்த நாளுக்கு முந்தின நாள் கூப்பிட்டால் பாதி வேலை முடிந்தது.

இனி ஒரு போனை முழுதாகச் சொல்கிறேன். பார்ட்டி ஒரு நடுத்தர ஏற்றுமதிக் கம்பெனி. மூன்று பில் பாக்கி: 412-ம் நம்பர் 62,540 ரூபாய், 68 நாள். 437-ம் நம்பர் 48,320 ரூபாய், 57 நாள். 451-ம் நம்பர் 73,740 ரூபாய், 41 நாள். மொத்தம் 1,84,600. மூன்றுமே முப்பது நாளைத் தாண்டியவை.

“வணக்கங்ணா, பாக்ஸ் கம்பெனில இருந்து பேசறனுங்க. ரெண்டு நிமிஷம் பேசலாங்ளா, இல்ல அப்புறம் கூப்பிடட்டுங்ளா?”

தொடக்கம் இவ்வளவுதான். நேரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டால், ‘பேசு’ என்று சொன்னவர் பாதியில் அவசரம் என்று போனை வைக்கச் சங்கடப்படுவார். இல்லை என்றால் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அந்த மணிக்குக் கூப்பிட வேண்டும். குடும்பம், குழந்தை, மழை எல்லாம் பணம் பேசி முடித்த பிறகு. முதலில் மூன்று நிமிஷம் கொஞ்சிவிட்டுக் கடைசியில் மெல்ல பாக்கியை எடுத்தால், அந்த அன்பு எதற்கு என்று எதிர்ப்பக்கம் உடனே புரிந்துவிடும்.

“நேத்து ஸ்டேட்மெண்ட் அனுப்பிருந்தனுங்க, பாத்தீங்ளா? மூணு பில்லு, ஒரு லட்சத்து எண்பத்தி நாலாயிரத்து அறுநூறு ரூபா. மூணுமே டைம் தாண்டிருச்சுங்க. நாளைக்கு உங்க லிஸ்ட்ல மூணையும் சேத்து, வியாழக்கிழமைக்குள்ள போட்டுடணும்ங்ணா.”

தொகை, பில், தேதி எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட வேண்டும். ‘எப்பங்க வரும்?’ என்று கேட்டால் அடுத்த வாரம் என்று வரும். தேதியை நாம் சொன்னால், அவர் அதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோதான் பதில் சொல்ல முடியும்.

அதைச் சொன்னதும் வாயை மூட வேண்டும். எங்களுக்கு இதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பக்கம் ஒரு அமைதி வரும். நம் ஆள்களுக்கு அமைதி தாங்காது. தங்கச்சி மூன்றாவது நொடியிலேயே, “இல்லன்னா அடுத்த வாரமாச்சும்ங்ணா…” என்று தானாகவே ஒரு வாரம் கொடுத்துவிடுவாள். அவர் கேட்கவே இல்லை, இவளாகக் கொடுத்துவிட்டாள். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். தொகையும் தேதியும் சொன்னதும் மேசைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடிக்க வேண்டும். வாய் நிறையத் தண்ணீர் இருந்தால் பேச முடியாது இல்லையா. இன்றும் அந்த டம்ளர் அவள் மேசையில் இருக்கிறது.

அன்றைக்கு அமைதிக்குப் பின் கணக்குப்பிள்ளை சொன்னார்: “437 பில்லுல பொட்டி நனஞ்சு வந்துச்சு தாயி. அது முடிஞ்சாத்தான் ஓனர் கையெழுத்துப் போடுவாரு.”

இது எங்களுக்குப் புதுச் செய்தி. ஐம்பத்தேழு நாளாக, வாராவாரம் கூப்பிட்டும், ஒருத்தரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பாக்கி நிற்பதில் ஒரு பங்கு இப்படி எங்கோ ஒரு குறை சொல்லப்படாமல் கிடப்பதால்தான். பழைய வசனத்தில் அதற்கு இடமே கிடையாது, ‘பாக்கறேன்’ என்றதும் ‘தேங்ஸ்’ சொல்லி முடித்துவிடுவோம்.

குறை வந்தால் வாதாடக் கூடாது, ஒத்துக்கொள்ளவும் கூடாது. குறை உள்ள பில்லைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, குறை இல்லாததைக் கேட்க வேண்டும். அவள் சொன்னாள்: “எத்தன பொட்டிங்ணா நனஞ்சுது? சரிங்க, நூறு பொட்டி. போட்டோ இருந்தா அனுப்புங்க, நாளைக்குள்ள எங்க சூப்பர்வைசர் பாத்துட்டு உங்களுக்குச் சொல்லிடுவாரு. அந்த பில்ல அப்படி வெச்சுக்கலாம். மத்த ரெண்டு பில்லுல ஏதும் பிரச்னை இல்லைங்ளே? அது ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரத்து எரநூத்தி எண்பது. அத வியாழக்கிழமை போட்டுடுங்க.”

மீண்டும் தண்ணீர்.

“ஷிப்மெண்ட் பணம் இன்னும் வரல தாயி. முழுசா வராது.”

இங்கேதான் பலரும் ‘சரி, எவ்வளவு முடியுமோ’ என்று ‘ஏதாவது’வுக்கே திரும்பிவிடுவார்கள். பிரித்துக் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அந்தப் பிரிப்பை நாம் முதலில் சொல்லக் கூடாது. அவர் வாயால் தொகையும் தேதியும் வர வேண்டும். “வியாழக்கிழமை எவ்வளவு உறுதியா வருங்ணா? மீதி எந்தத் தேதிங்க?” என்று கேட்டாள். ஒரு லட்சம் வியாழன், மீதி 36,280 அடுத்த செவ்வாய் என்றார். தானாகச் சொன்ன தேதியை மீற மனுஷனுக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கும். நாம் திணித்த தேதிக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

அடுத்து, பழைய வசனத்தில் இல்லவே இல்லாத பகுதி. அடுத்து யார், எப்போது, எதற்காகக் கூப்பிடுவார்கள் என்று பேசி வைத்துக்கொள்வது.

“சரிங்ணா. அப்ப வியாழக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு யூடிஆர் நம்பர் வாங்க நான் கூப்பிடறேன். அதுக்கு முன்னாடியே போட்டுட்டீங்கன்னா நீங்களே வாட்ஸப்ல அனுப்பிருங்க, நான் தொந்தரவு பண்ண மாட்டேன். ஒருவேள ஏதாச்சும் மாறுச்சுன்னா வியாழக்கிழமை காலைலயே எனக்கு ஒரு வார்த்த சொல்லிடுங்க. இப்ப பேசினத அப்படியே எழுதி அனுப்பறேன், ஒரு ‘ஓகே’ போட்டுருங்ணா.”

யூடிஆர் என்பது பணம் போட்டதற்கு பேங்க் தரும் அடையாள நம்பர். போனை வைத்த ஐந்து நிமிஷத்துக்குள் செய்தி போக வேண்டும், மறதிக்கு இடம் கொடுக்காமல். நாங்கள் அனுப்புவது இவ்வளவே:

‘வணக்கம் அண்ணா. இன்று பேசியபடி: பில் 412, 451. வியாழன் ரூ. 1,00,000. அடுத்த செவ்வாய் ரூ. 36,280. பில் 437: நனைந்த 100 பெட்டி, நாளைக்குள் பதில் சொல்கிறோம். வியாழன் 3 மணிக்குக் கூப்பிடுகிறேன்.’

ஒரு லட்சம் வியாழக்கிழமை இரண்டரைக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை வரவில்லை.

வராதபோது என்ன செய்கிறோம் என்பதில்தான் வசனத்தின் பலம் தெரியும். முன்பெல்லாம் ஒருவர் தேதி தவறினால் நாங்கள் அடுத்த வாரச் சுற்றில்தான் கூப்பிடுவோம். அதற்குள் அந்தத் தேதி அவருக்கும் மறந்திருக்கும், நமக்கும் ஆறியிருக்கும். இப்போது மறுநாள் காலை பத்தரைக்கே போன். திட்டு இல்லை, பெருமூச்சு இல்லை: “நேத்து முப்பத்தாறாயிரத்து எரநூத்தி எண்பது வரும்னு பேசிருந்தோங்ணா, வரலைங்க. என்ன ஆச்சுங்ணா?” அவ்வளவுதான். லிஸ்டில் எழுத மறந்துவிட்டது என்றார். அன்று மாலையே போட்டார்.

437-ம் பில்லுக்கு சூப்பர்வைசர் போட்டோ பார்த்தார். எங்கள் வண்டியில் தார்ப்பாய் கிழிந்திருந்த நாள் அது, பேச ஒன்றுமில்லை. வரியோடு பெட்டிக்கு 30.20 ரூபாய் வீதம் நூறு பெட்டிக்கு 3,020 ரூபாய் கிரெடிட் நோட் போட்டோம். மீதி 45,300 பத்து நாளில் வந்தது. மூவாயிரம் ரூபாய்த் தகராறு ஒன்று ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் பூட்டி வைத்திருந்தது.

சரக்கை நிறுத்துவேன் என்று சொல்வது பற்றி ஒரு வார்த்தை. அதை முதல் போனில் சொல்வதில்லை. தேதி இரண்டு முறை தவறினால்தான், அதுவும் தணிந்த குரலில்: “இந்தப் பணம் வராம அடுத்த லோடு ஏத்த எங்களுக்கு அனுமதி இல்லைங்ணா.” இந்த வரியை எழுதுமுன் முதலாளியிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தங்கச்சி ஒரு பார்ட்டியிடம் அப்படிச் சொன்ன மறுநாளே, அந்தக் கம்பெனி ஓனர் எங்கள் முதலாளிக்குப் போன் போட்டு, பழைய பழக்கம், ஒரே ஊர் என்று பேசி லோடை ஏற்ற வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பார்ட்டிக்கு அவள் சொல் செல்லாக்காசு. பிறகு முதலாளியை உட்கார வைத்து ஒரு முடிவு செய்தோம். நிறுத்துவதாகச் சொல்லும் பட்டியலில் யார் யார் என்று திங்கட்கிழமை காலை அவர் டிக் போடுவார். டிக் போடாத பேருக்கு அந்த வரியே கிடையாது. டிக் போட்ட பேருக்கு அவர் வீட்டுக்கே போன் வந்தாலும், “ஆபீஸ்ல பேசிக்குங்க” என்பார். முதல் மாதம் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

சட்டம் கையில் இருக்கிறது, ஆனால் அதையும் வசனத்தில் சேர்க்கவில்லை. நாங்கள் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவு செய்த சிறு உற்பத்தி யூனிட். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் எங்களுக்குப் பணம் தர 45 நாளுக்கு மேல் போகக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. இது 2006-ம் வருடச் சட்டம். 2023-24 நிதியாண்டிலிருந்து, குறு, சிறு யூனிட்டுக்கு இந்தக் கெடு தாண்டி வருடக் கடைசி வரை கொடுக்காத பாக்கியை வாங்கினவர் அந்த வருடச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். அதனால் மார்ச் மாதத்தில் மட்டும் இதற்குத் தனி மரியாதை. ஸ்டேட்மெண்டின் அடியில் உதயம் நம்பரை ஒரு வரியாகப் போட்டு வைக்கிறோம், போனில் பேசுவதில்லை. அவர்கள் ஆடிட்டரே பார்த்துச் சொல்லிவிடுவார். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, அவர்கள் உதயம் நம்பர் வைத்திருந்தாலும்.

ஜிஎஸ்டியில் இன்னொன்று இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், வாங்கினவர் அந்தப் பில்லுக்கு எடுத்த இன்புட் வரிக் கழிவை வட்டியோடு திருப்ப வேண்டும். 150 நாள் தாண்டின பில்லுக்கு மட்டும், “ஆடிட்டர் கேட்பாருங்ணா, 180 நாள் வருது” என்று நினைவுபடுத்துவோம். மிரட்டல் மாதிரி இல்லாமல், அவர் நல்லதுக்குச் சொல்கிற மாதிரியே இருக்கும். உண்மையும் அதுதான்.

செய்யக் கூடாதது என்று சிலவற்றைத் தாளின் அடியில் எழுதி வைத்திருக்கிறோம். ஓனர் வீட்டில் போனை அவர் சம்சாரம் எடுத்தால் பாக்கி பற்றி மூச்சு விடக் கூடாது, ‘திருப்பிக் கூப்பிடச் சொல்லுங்க அக்கா’ என்று மட்டும். வாட்ஸப் குரூப்பில் கேட்கக் கூடாது. எடுக்காத போனுக்குத் தொடர்ந்து அடிக்கக் கூடாது, காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ஒரு செய்தி, முடிந்தது. மூன்று நாள் எடுக்காதவருக்கு வசனம் பயன்படாது. அதற்கு நேரில் ஆள் போக வேண்டும், முதலாளிதான் போவார்.

எங்கள் பட்டியலில் இரண்டு பேர் அப்படி இருக்கிறார்கள். ஒருவர் கம்பெனியையே மூடிவிட்டார். அவரிடம் வருடக் கணக்கு முடிவில் வாங்கின பாக்கி உறுதிக் கடிதம், சீலும் கையெழுத்துமாக, ஃபைலில் இருக்கிறது. கடைசியாக அவர் கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் கேஸ் போட வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அந்தத் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

நோட்டில் இப்போது ‘பேசியாச்சு’ என்று எழுத இடமே இல்லை. நான்கு கட்டம்: யார் பேசினார், எவ்வளவு, எந்தத் தேதி, அடுத்த போன் எப்போது. கட்டம் காலியாக இருந்தால் அந்தப் போன் பேசாத கணக்குத்தான். போன வாரம் பார்த்தேன், தங்கச்சி ஐந்தாவதாக ஒரு கட்டம் தானே போட்டிருக்கிறாள்: ‘ஏன் நிக்குது?’ அதன் கீழ் ஒரு பார்ட்டிக்கு ‘அளவு சின்னது, 20 பொட்டி’ என்றும், இன்னொருவருக்கு ‘லிஸ்ட் புதன், நாம செவ்வாய் கூப்பிடல’ என்றும் எழுதியிருந்தாள்.